சாட்பாட் அடித்து விடுவதைக் குறைக்க எந்த வழி உருப்படியானது: ஒரு சொசைட்டி பில்லை வைத்து ஒப்பீடு

மும்பையில் சொசைட்டி கமிட்டியில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானதுதான். செம்பூரிலோ முலுண்டிலோ ஃபிளாட்டை வாங்கிப் போட்டுவிட்டு ஓனர் கோயம்புத்தூருக்குப் போய்விடுவார், வீட்டை வாடகைக்கு விடுவார், ஓனர் அங்கே குடியில்லை என்பதற்காக சொசைட்டி 'நான் ஆக்குபன்சி சார்ஜ்' என்று பில்லில் ஒரு தொகையைச் சேர்க்கும், அவர் "எந்தச் சட்டப்படி?" என்று வாட்ஸாப்பில் கேட்பார். முன்பெல்லாம் ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று ஒரு மாதம் தள்ளலாம். இப்போது ஓனரும் சாட்பாட்டிடம் கேட்கிறார், செகரட்டரி மாமாவும் கேட்கிறார், இரண்டு பேருக்கும் இரண்டு பிரிவு எண்கள் கிடைக்கின்றன, இரண்டுமே சுப்ரீம் கோர்ட் வக்கீல் தோரணையில்.

எங்கள் கமிட்டியில் கேள்வி இப்படித்தான் வந்தது: சாட்பாட்டைப் பயன்படுத்தவே வேண்டாமா, அல்லது பயன்படுத்தும் விதத்தை மாற்றினால் போதுமா? மாற்றுவது என்றால் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அந்த வழிகளை ஒரே கேள்வியில் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சரியான விடை என்ன என்று வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எதை எதனோடு ஒப்பிடுவது. மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1960, அதன் 79ஏ பிரிவு அரசுக்கு உத்தரவு போடும் அதிகாரம் தருகிறது. அதன் கீழ் 2001 ஆகஸ்ட் 1 அன்று வந்த உத்தரவு, வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு வாங்கும் இந்தக் கட்டணம் சர்வீஸ் சார்ஜில் 10%-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மொத்த பில்லில் 10% கிடையாது, சர்வீஸ் சார்ஜில் மட்டும். வாட்ச்மேன் சம்பளம், ஆபீஸ் செலவு மாதிரியானவை சர்வீஸ் சார்ஜ். முனிசிபல் வரி, தண்ணீர், ரிப்பேர் ஃபண்ட், சிங்கிங் ஃபண்ட் எல்லாம் அதில் வராது. ஓனரின் சொந்தத் தம்பி, மகள் போன்ற நெருங்கிய குடும்பத்தினர் குடியிருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது.

இப்போது பில். மாதம் மொத்தம் 5,000 ரூபாய் என்று வையுங்கள்: சர்வீஸ் சார்ஜ் 2,000, தண்ணீர் 600, முனிசிபல் வரி 1,300, ரிப்பேர் ஃபண்ட் 700, சிங்கிங் ஃபண்ட் 400. அதிகபட்சம் வாங்கக்கூடியது 200 ரூபாய். மாமா கேட்டபோது சாட்பாட் 500 என்றது, ஏதோ ஒரு 2004 சுற்றறிக்கையைக் காட்டியது, சட்டத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பிரிவு எண்ணையும் சேர்த்தது. விஷயம் தெரியாதவர் படித்தால் அதில் சந்தேகப்பட ஒரு இடமும் இல்லை. 10% என்ற எண் சரி, சட்டத்தின் பெயர் சரி, மீதி மூன்றும் கற்பனை.

இந்தக் கலவை தற்செயலாக வந்ததில்லை. எது சரியாக வந்தது, எது தப்பாக வந்தது என்று பார்த்தாலே காரணம் பாதி புரிந்துவிடும்.

சாட்பாட்டுக்குள் சட்டப் புத்தகம் எதுவும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருக்கவில்லை. இணையத்தில் கிடக்கும் ஏராளமான எழுத்தைக் கொடுத்து, இந்த வரிக்கு அடுத்து எந்தத் துண்டுச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு தகவல் ஆயிரம் இடத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் அந்தக் கணிப்பு கிட்டத்தட்ட நினைவு மாதிரியே வேலை செய்யும், '10%' அப்படி வந்தது. ஆனால் உத்தரவின் தேதி, அது எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது, எந்தத் தொகையில் 10% என்பதெல்லாம் கொஞ்சம் இடங்களில்தான் சரியாக எழுதப்பட்டிருக்கும். அங்கே கணிப்புக்குப் பிடிப்பு இல்லை. ஆனால் வாக்கியம் நிற்காதே, "சுற்றறிக்கை தேதி" என்று எழுதிய பிறகு அடுத்து ஒரு தேதி வந்தாக வேண்டும், தேதி மாதிரி இருக்கும் ஒன்று வரும். எண், பெயர், தேதி, பிரிவு, வழக்குத் தலைப்பு, பக்க எண் ஆகியவற்றில்தான் சாட்பாட் அதிகம் அடித்து விடுவதற்குக் காரணம் இதுதான். வடிவம் எளிது, உள்ளடக்கம் அரிது.

2025-இல் ஓபன்ஏஐ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு அழகான உதாரணம் இருக்கிறது. கட்டுரை ஆசிரியர்களில் ஒருவரின் பிறந்தநாள் என்ன, தெரிந்தால் மட்டும் சொல் என்று ஒரு சாட்பாட்டிடம் கேட்டார்கள். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தேதிகள், மூன்றும் தப்பு. பிறந்தநாளை மற்ற தகவல்களிலிருந்து ஊகிக்க வழியே கிடையாது, எங்காவது படித்திருந்தால்தான் உண்டு. பிரிவு எண்ணும் அதே ஜாதி.

சரி, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? அந்தக் கட்டுரையே சொல்லும் பதில்: இந்த மாடல்களை அளக்கும் சோதனைகள் பெரும்பாலும் நெகடிவ் மார்க் இல்லாத பரீட்சை. தெரியாது என்று விட்டால் பூஜ்யம், குருட்டாம்போக்கில் டிக் அடித்தால் சில சமயம் ஒரு மார்க். அப்படிப்பட்ட பரீட்சையில் கெட்டிக்காரப் பையன் எந்தக் கேள்வியையும் விட்டு வர மாட்டான். அந்த மதிப்பெண்ணை உயர்த்தத்தான் கம்பெனிகள் போட்டி போடுகின்றன, அதனால் ஊகிக்கிற மாடல் பட்டியலில் மேலே நிற்கிறது.

அந்தத் தன்னம்பிக்கைத் தோரணைக்குத் தனிக் காரணம் உண்டு. தோரணை என்பது எழுத்து நடையிலிருந்து வருவது. சட்ட விளக்கம் எழுதுகிறவர் யாரும் "எனக்கென்னவோ 10% என்றுதான் ஞாபகம்" என்று எழுதுவதில்லை, அதனால் சட்டக் கேள்விக்கு வரும் பதிலும் அதே நடையில் வருகிறது, உள்ளே கணிப்பு உறுதியாக இருந்தாலும் ஆட்டம் கண்டாலும். இன்னொன்றும் இருக்கிறது. 2023-இல் வந்த ஜிபிடி-4 தொழில்நுட்ப அறிக்கையில் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள்: வெறும் கணிப்புப் பயிற்சி முடிந்த நிலையில், மாடல் ஒரு விடைக்குக் கொடுக்கும் நிகழ்தகவும் அது உண்மையில் சரியாக இருக்கும் விகிதமும் நன்றாகவே ஒத்துப்போயின. பேச்சுத் துணையாக மாற்றும் அடுத்த கட்டப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பொருத்தம் குலைந்தது. அதாவது தன் சந்தேகத்தைப் பற்றிய ஏதோ ஒரு தடயம் உள்ளே இருந்தது, நம்மோடு பேசப் பழக்கியதில் அது கலங்கிவிட்டது. இதை நினைவில் வையுங்கள், கீழே ஒரு வழி இந்தத் தடயத்தைத்தான் சுரண்டப் பார்க்கிறது.

இனி வழிகள். மோசமானதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான்.

அது, "நிச்சயமா?" என்று அதனிடமே திருப்பிக் கேட்பது. மாமா இதைத்தான் செய்தார். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று ஆரம்பித்து சாட்பாட் இன்னொரு எண்ணைக் கொடுத்தது. மறுபடி நிச்சயமா என்றால் பழைய எண்ணுக்கே திரும்பலாம், மூன்றாவதாக ஒன்றும் வரலாம். நீங்கள் கேட்ட தொனி விடையை நகர்த்துகிறதே தவிர, அது எங்கேயும் போய் எதையும் சரிபார்க்கவில்லை. சில சமயம் இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மனுவில் போட்டார்கள், அவற்றில் ஒரு வழக்கு உண்மையானதுதானா என்று அதனிடமே கேட்டும் பார்த்திருந்தார்கள், ஆமாம் உண்மைதான் என்று சொல்லியிருந்தது. அப்படி ஒரு வழக்கே இல்லை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். நம் ஊரும் தள்ளி நிற்கவில்லை, 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வருமான வரி மதிப்பீட்டு உத்தரவையே ரத்து செய்தது, அதில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் எங்கேயும் இல்லை என்பதால். ஆக, இந்த வழிக்கு என் மதிப்பெண் பூஜ்யம். செய்யவே வேண்டாம், நேரமாவது மிச்சமாகும்.

அடுத்தது, கேள்வியோடு கண்டிப்பான கட்டளை சேர்ப்பது. "பொய் சொல்லாதே", "நூறு சதவீதம் சரியாகச் சொல்", "நீ முப்பது வருட அனுபவமுள்ள கூட்டுறவுச் சட்ட வக்கீல்" வகையறா. இதில் கடைசியானதை நான் ஆபத்து என்றே சொல்வேன், வக்கீல் மாதிரி பேசச் சொன்னால் வக்கீல் நடைதான் கூடும், வக்கீலின் அலமாரி கூடாது. பொய் சொல்லாதே என்பதும் வீண், அது பொய் என்று தெரிந்து எழுதவில்லையே.

ஆனால் இதே வழியில் ஒரு வடிவம் கொஞ்சம் வேலை செய்கிறது: வெளியேற ஒரு கதவு திறந்து வைப்பது. "உத்தரவின் தேதியும் பிரிவும் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் 'சரிபார்க்கவும்' என்று மட்டும் எழுது, ஊகிக்காதே" என்று கேட்டுப் பாருங்கள். தேதி இடம் காலியாகவோ சரிபார்க்கவும் என்றோ வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது, வாக்கியத்தை முடிக்க ஒரு தேதி வேண்டும் என்ற கட்டாயம் தளர்கிறது. எங்கள் பில் கேள்வியில் தேதியும் பிரிவும் போயின, நல்லது. ஆனால் 500 ரூபாய் அப்படியே நின்றது. ஏனென்றால் மொத்த பில்லில் 10% என்பது அதற்குச் சந்தேகமான இடமாகவே படவில்லை. எனவே இலவசம், ஐந்து நொடி, செய்யலாம், அதை மட்டும் நம்பிக் கடிதம் எழுத முடியாது.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம், கேள்வியிலேயே விடையைத் திணிக்காமல் இருப்பது. "25% வாங்கலாம் என்று எந்தப் பிரிவு சொல்கிறது?" என்று கேட்டால் ஒரு பிரிவைத் தேடிக் கொண்டுவர முயலும், 25% என்பதே தப்பு என்று மறுப்பது குறைவு. "அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம், எந்தத் தொகையின் மேல் கணக்கிட வேண்டும்?" என்று கேட்பது வேறு கதை. ஓனருக்கும் மாமாவுக்கும் வெவ்வேறு விடை வந்ததில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பது என் கணிப்பு. ஒருவர் "வாங்கக் கூடாது அல்லவா" என்று கேட்டிருந்தார், இன்னொருவர் "வாங்கலாம் அல்லவா" என்று.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தமானது, செலவும் இல்லை. ஒரே கேள்வியைத் தனித்தனிப் புது உரையாடலில் நாலைந்து முறை கேட்பது. அதே உரையாடலில் மறுபடி கேட்பதில் பயனில்லை, முன்பு சொன்னதைப் பார்த்துக்கொண்டே பதில் எழுதும், அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்க வேண்டும், முந்தைய உரையாடல்களை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், சாட்பாட் எப்போதும் முதல் வாய்ப்புள்ள சொல்லையே எடுப்பதில்லை, கொஞ்சம் சீட்டுக் குலுக்கல் இருக்கிறது. பிடிப்பான தகவல் குலுக்கலில் மாறாது, பிடிப்பில்லாதது ஒவ்வொரு முறையும் வேறாக விழும். முன்பு சொன்ன உள்ளே இருக்கும் சந்தேகத் தடயம் இப்படித்தான் வெளியே தெரிகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் நேச்சர் இதழில் இந்த யோசனையைத்தான் முறைப்படி செய்து காட்டினார்கள்: பல விடைகளை வாங்கி, வார்த்தை வேறானாலும் பொருள் ஒன்றா என்று பார்த்துக் குவித்து, குவியல்கள் சிதறினால் அந்த விடையைச் சந்தேகிப்பது.

எங்கள் கேள்வியில் கிடைத்தது சுவாரஸ்யமானது. எல்லா முறையும் 10% வந்தது. சுற்றறிக்கைத் தேதி ஒவ்வொரு முறையும் வேறு. தொகை சில முறை 200, சில முறை 500. படித்தவுடனே தெரிந்துவிட்டது, தேதியை நம்ப முடியாது, கணக்கிடும் அடிப்படையை எங்காவது போய்ப் பார்த்தாக வேண்டும் என்று. ஒரு விடையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆனால் இந்த வழியின் குறையை மறைக்கக் கூடாது. மாறுவது பெரும்பாலும் கற்பனை என்பது உண்மை, மாறாதது எல்லாம் உண்மை என்பது உண்மையில்லை. இணையத்தில் பத்துப் பேர் ஒரே தப்பை எழுதியிருந்தால் சாட்பாட் அந்தத் தப்பைப் பத்து முறையும் ஒரே மாதிரி சொல்லும். வேறு கம்பெனியின் சாட்பாட்டிடம் கேட்டாலும் இதே கதைதான், இரண்டும் ஏறக்குறைய ஒரே இணையத்தைப் படித்து வளர்ந்தவை. ஆகவே தப்பைப் பிடிக்க உதவும், சரி என்று சான்று கொடுக்க உதவாது.

இந்தக் குலுக்கலைப் பற்றிப் பேசும்போது கம்ப்யூட்டர் வேலை செய்யும் பையன்கள் யாராவது "டெம்பரேச்சரைப் பூஜ்யமாக வைத்தால் தீர்ந்தது" என்பார்கள். தீராது. குலுக்கலைக் குறைக்கும் அமைப்பு அது, குறைத்தால் ஒரே தப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். நமக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எச்சரிக்கையும் போய்விடும்.

நான்காவது, இணையத் தேடலை இயக்கிவிட்டுக் கேட்பது. இப்போது பெரும்பாலான சாட்பாட்களில் இந்த வசதி இருக்கிறது, பதிலுக்குக் கீழே சுட்டிகளும் தரும். நினைவிலிருந்து எழுதுவதை விட இது நல்லது, சமீபத்தில் மாறிய விதி என்றால் தேடல் இல்லாமல் கேட்பதில் அர்த்தமே இல்லை. மகாராஷ்டிராவில் 2019 திருத்தத்தில் வீட்டு வசதிச் சங்கங்களுக்கென்றே 154பி வரிசையில் தனி அத்தியாயம் சேர்த்தார்கள், அதற்கு முன்பு எழுதப்பட்ட கட்டுரைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, பழையது எது புதியது எது என்று சாட்பாட் தன் நினைவில் பிரித்து வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் சுட்டியைப் பார்த்ததும் வரும் நிம்மதிதான் இந்த வழியின் பெரிய பொறி. சுட்டி இருப்பதும், அந்தப் பக்கம் அந்த வாக்கியத்தைச் சொல்வதும் இரண்டு வேறு விஷயங்கள். எங்கள் கேள்விக்கு வந்த மூன்று சுட்டிகளில் ஒன்று ரியல் எஸ்டேட் கம்பெனியின் விளம்பரக் கட்டுரை, ஒன்று வேறு மாநிலத்தின் அபார்ட்மென்ட் விதியைப் பற்றியது, ஒன்றில்தான் சரியான உத்தரவு பற்றிய விளக்கம் இருந்தது. சாட்பாட் மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்துத் தந்தது. சட்ட ஆராய்ச்சிக்கென்றே தயாரித்து விற்கும், தீர்ப்புத் தொகுப்புகளில் தேடிப் பதில் சொல்லும் ஏஐ கருவிகளையே 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, ஆறு கேள்விக்கு ஒன்றுக்குக் குறையாமல், ஒரு கருவியில் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில், தப்பான பதில் வந்தது. காசு கொடுத்து வாங்கும் கருவிக்கே இந்த கதி என்றால் நம் கைபேசியில் இருக்கும் இலவசச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தேடல் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு நிபந்தனை, சுட்டியைத் திறந்து அந்த வரியைக் கண்ணால் படியுங்கள். படிக்க நேரமில்லை என்றால் தேடாத மாதிரிதான்.

கடைசி வழி, நான் கமிட்டிக்குச் சொன்னதும் இதைத்தான்: அதன் நினைவிடம் கேட்பதை விட்டுவிட்டு, காகிதத்தைக் கையில் கொடுத்துக் கேட்பது. சொசைட்டியின் பதிவு செய்த துணைவிதிப் புத்தகம், 2001 உத்தரவின் பிரதி, அந்த மாத பில், மூன்றையும் பிடிஎஃப் ஆகவோ எழுத்தாகவோ ஏற்றிவிட்டு, நான் கேட்டது ஏறக்குறைய இப்படி:

```
இணைத்துள்ள ஆவணங்களை மட்டும் வைத்துப் பதில் சொல்.
ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரமான வரியை ஆவணத்தில் உள்ள
மொழியிலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துக் காட்டு.
விதி எண்ணையும் பக்கத்தையும் சொல்.
ஆவணத்தில் இல்லை என்றால் "இல்லை" என்று சொல்.
```

பதில் 200 ரூபாய். ஆதாரமாக, கட்டணம் சர்வீஸ் சார்ஜின் மேல்தான் என்ற வரியும், சர்வீஸ் சார்ஜில் என்னென்ன சேரும் என்ற துணைவிதிப் பட்டியலும். ஓனரின் தம்பி அடுத்த வருடம் குடிவரப் போகிறார், அப்போது எவ்வளவு என்று கேட்டதற்கு, குடும்பம் என்பதற்கான விளக்கத்தில் சகோதரரும் இருப்பதைக் காட்டி, கட்டணம் இல்லை என்றது.

இந்த வழியின் பலம் சாட்பாட் திடீரென்று யோக்கியமாகிவிட்டது என்பதில் இல்லை. அடுத்து வரும் சொல்லைக் கணிக்கும் அதே வேலைதான், ஆனால் இப்போது சரியான வரி அதன் கண்முன்னே இருக்கிறது, நினைவைத் தோண்ட வேண்டியதில்லை. அதை விட முக்கியம், நமக்குச் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கிறது. எடுத்துக் காட்டிய வரியிலிருந்து நாலைந்து சொற்களை நகலெடுத்து, பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+F போட்டு ஒட்டினால் போதும். வரி கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வரி சேர்த்துப் படிக்க வேண்டும், "தவிர" என்று ஒரு சொல் பின்னால் ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் அந்த மேற்கோள் கற்பனை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பதில் முழுவதையும் தூக்கிப் போடலாம். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் ஆகாது.

மொழி மாற்றாமல் எடுத்துக் காட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாம் தமிழில் கேட்கிறோம், ஆவணம் ஆங்கிலத்திலோ மராட்டியிலோ இருக்கிறது. சும்மா கேட்டால் சாட்பாட் மேற்கோளையும் தமிழாக்கி அழகாகத் தந்துவிடும், அதை எந்த பிடிஎஃப்பிலும் தேட முடியாது, மொழிபெயர்ப்பில் "தாண்டக் கூடாது" என்பது "ஆகும்" என்று நழுவினாலும் தெரியாது. மேற்கோள் மூல மொழியில், விளக்கம் தமிழில், அப்படிக் கேட்டால் இரண்டும் கிடைக்கும். மராட்டி படிக்கத் தெரியாத செகரட்டரிகள் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்களில்கூட உண்டு, அவர்கள் மராட்டி தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவை ஒரு வரி படிக்கச் சொன்னால் வேலை முடிந்தது, முழு உத்தரவையும் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலும் மூன்று இடத்தில் சறுக்கலாம். பழைய துணைவிதிப் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம், சாட்பாட் படத்தைப் படித்து எழுத்தாக்கும்போது 10 என்பது 16 ஆகலாம், மங்கிய வரி காணாமல் போகலாம். எளிய சோதனை: பிடிஎஃப்பில் ஒரு சொல்லை விரலால் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது படம், Ctrl+F கூட வேலை செய்யாது, தேவையான இரண்டு பக்கத்தை மட்டும் தெளிவாக மறுபடி படம் எடுத்துக் கொடுத்து, எண்களைக் கண்ணால் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, புத்தகம் முழுவதையும் ஏற்றினால் நடுவில் இருக்கும் விதி அதன் பார்வையில் சரியாக விழாமல் போவதுண்டு. "இல்லை" என்று பதில் வந்தால் உடனே நம்பாமல், பொருளடக்கத்தைப் பார்த்து அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாகக் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் பொருளாளர் அக்கா ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் செய்கிறார், அவருக்கு வரும் பதில்கள் மற்றவர்களுடையதை விடத் துல்லியமாக இருக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான எல்லை. கொடுத்த காகிதமே பழையது என்றால் சாட்பாட் பழைய விதியை அட்சர சுத்தமாக எடுத்துக் காட்டும், Ctrl+F-ம் ஆமாம் என்று தலையாட்டும். சொசைட்டி அலமாரியில் இருப்பது இப்போது பதிவில் இருக்கும் துணைவிதிதானா, திருத்தம் ஏதாவது நிறைவேறியிருக்கிறதா என்பதை உங்கள் வார்டுக்கான கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில்தான் பார்க்க முடியும். அந்த வேலையை எந்தக் கட்டளையும் மிச்சப்படுத்தாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், எல்லாவற்றையும் எல்லாக் கேள்விக்கும் செய்ய வேண்டியதில்லை. ஏஜிஎம் அறிவிப்பு எழுத, சண்டைக் கடிதத்தின் சூட்டைக் குறைக்க, லிஃப்ட் பழுது பற்றி நோட்டீஸ் போட, இதற்கெல்லாம் எந்தச் சோதனையும் வேண்டாம், அதில் தப்பாகப் போக ஒரு தகவலும் இல்லை. ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள், கையெழுத்துப் போடப் போவதில்லை என்றால் கதவு திறந்த கேள்வியோடு புது உரையாடலில் இரண்டு மூன்று முறை கேட்டு, மாறும் இடங்களை அடிக்கோடிட்டுக்கொண்டால் போதும். விதி சமீபத்தில் மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தேடல், சுட்டியைத் திறந்து படிக்கிற பொறுமையோடு. கடிதத்தில் எண்ணோ பிரிவோ தேதியோ போய், கீழே செகரட்டரி கையெழுத்து விழப் போகிறது என்றால் காகிதமும் Ctrl+F-ம் தவிர வேறு எதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கமிட்டியில் இது இப்போது தீர்மானமாகவே எழுதப்பட்டிருக்கிறது, மாமா மட்டும் "அப்புறம் எதுக்கு சாட்பாட்?" என்று கேட்டார். நாற்பது பக்கத்தில் எந்த இரண்டு பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு, மாமா.

கையில் காகிதமே இல்லாத கேள்வியும் வரும். உதாரணமாக, ஃபிளாட் கைமாறும்போது சொசைட்டி வாங்கும் பிரீமியத்துக்கு உச்சவரம்பு உண்டா என்று ஒரு ஓனர் கேட்கிறார், மாநகராட்சிப் பகுதியில் 25,000 ரூபாய் என்ற 2001 உத்தரவு உங்களிடம் இல்லை. அப்போது சாட்பாட்டிடம் தொகையைக் கேட்காதீர்கள், இதை முடிவு செய்யும் ஆவணம் எந்த வகை, எந்தத் துறை வெளியிடும், எந்தச் சொற்களைப் போட்டுத் தேட வேண்டும் என்று கேளுங்கள். அதில் அது தப்பாகச் சொன்னாலும் தேடும்போதே தெரிந்துவிடும், ஓனரின் பில்லில் ஏறாது.